பிஸ்கட் டின்னும் சிவப்புப் பொத்தானும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கைபேசிச் சூதாட்டத்தில் சம்பளத்தைத் தொலைக்கும் தோட்டத்து இளைஞர்களைப் பற்றிச் சென்ற வாரம் வெளியான வாசகர் கடிதம், எல்லாம் பேராசை என்று முடித்திருந்தது. என் தங்கை மகனும் அவர்களில் ஒருவன். வாங்கிய கடனை ஒரு சதம் குறையாமல் திருப்பிக் கொடுக்கிற பிள்ளை. அவனைப் பேராசைக்காரன் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மேலதிகக் கொழுந்துக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று காசு உண்டு. மடுவத்தில் நிறுத்து முடிந்ததும் பெண்கள் சற்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் அடுத்த மலைக்கு ஏறுவார்கள். ஃபெர்ஸ்டர், ஸ்கின்னர் என்ற உளவியலாளர்கள் இருவர் 1957இல் வெளியிட்ட ஆய்வுகளில் புறாக்களும் அப்படித்தான் நடந்துகொண்டன. இத்தனை கொத்துக்கு ஒருமுறை தீனி என்று கணக்கு மாறாமல் இருந்தால், தீனி விழுந்ததும் ஓய்ந்து நின்றன. கணக்கை மாற்றி மாற்றி வைத்தபோது ஓயாமல் கொத்தின. தீனியை அடியோடு நிறுத்திய பிறகும் நெடுநேரம் கொத்தின.

இதை மருமகனுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. ஆகவே பிஸ்கட் டின்னில் ஒன்பது வெள்ளைப் பொத்தான்களும் ஒரு சிவப்பும் போட்டேன். முதலில், நிறம் எதுவானாலும் பத்துத் தடவை எடுத்தால் ஒரு பத்து ரூபாய்க் குற்றி கொடுத்தேன். ஐந்து குற்றிகளுக்குப் பிறகு கொடுப்பதை நிறுத்தியதும், "மாமா, காசு?" என்று உடனே நிமிர்ந்து பார்த்தான். அடுத்து, சிவப்பு வந்தால் மட்டும் காசு. எடுத்ததைத் திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். ஐந்து குற்றிகள் வென்ற பின் சிவப்பை அவனறியாமல் எடுத்துவிட்டேன். முப்பத்தாறு தடவை வெறுமனே எடுத்தான். நான்தான் டின்னைக் கவிழ்த்துக் காட்டி நிறுத்தினேன்.

அவன் முட்டாள் அல்ல. சிவப்பு உள்ளே இருந்தாலும், தொடர்ந்து இருபது தடவை அது வராமல் போவது எட்டில் ஒரு முறை நடக்கக்கூடியதுதான். அதனால் வெறுங்கை என்பது அங்கே ஒரு சேதியே அல்ல. காசு நின்றுவிட்டதா, தாமதமாகிறதா என்று அவன் எதை வைத்து அறிவான்? "இவ்வளவு போய்விட்டது, இனி விழுந்துதான் ஆக வேண்டும்" என்ற எண்ணமும் அப்போதுதான் வருகிறது. டின்னுக்கோ பழைய கணக்கு நினைவில் இல்லை. ஒவ்வொரு தடவையும் பத்தில் ஒரு பங்கு வாய்ப்புத்தான்.

இந்தப் பிடிக்கும் எல்லை உண்டு. தீனியின் இடைவெளியை ஒரேயடியாக நீட்டினால் புறா நிறுத்திவிடும். முதலில் அடிக்கடி கொடுத்து, பிறகு சிறுகச் சிறுக நீட்டினால் நிற்காது. கைபேசி ஆட்டத்தில் மருமகன் முதல் இரண்டு நாளும் வென்றிருக்கிறான்.

"தோற்கத் தொடங்கினால் நிறுத்திவிடு" என்று அவனிடம் நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். அது தவறான புத்தி. நிறுத்த வேண்டிய இடத்தை ஆட்டம் ஒருபோதும் காட்டாது. எத்தனை ரூபாய் என்பதைக் கைபேசியைத் தொடுமுன்பே முடிவு செய்து, மிச்சச் சம்பளத்தைத் தாயிடம் கொடுத்துவிட வேண்டும். இரண்டு மாதமாக அவன் அப்படித்தான் செய்கிறான். சென்ற வாரக் கடிதத்தைப் படித்த தாய்மாருக்கு இதையும் தெரியப்படுத்துங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
தலவாக்கலை