வருத்தத்தின் பெயரை எழுதிக் கொடு, மகள்

அன்பு மகளுக்கு,

நேற்றிரவு நீ போனை வைத்த பிறகு அம்மா படுக்கவில்லை, நானும் படுக்கவில்லை. வெளியில் நல்ல மழை, இரணைமடுக் குளத்தில் வான்கதவு திறக்கப் போகிறார்கள், தாழ்ந்த பக்கம் இருக்கிறவர்கள் கவனம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். எனக்கு அது ஒன்றும் காதில் ஏறவில்லை. "ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன் அப்பா, திங்கட்கிழமை அனுப்பப் போகிறேன்" என்று நீ சொன்னதுதான் திரும்பத் திரும்பக் கேட்டது. போனில் கதைத்தால் நீ அழுவாய், நான் குரலை உயர்த்துவேன், அதனால் எழுதுகிறேன். ஆறுதலாக, இரண்டு நாள் எடுத்தாவது வாசி.

முதலில் அந்தக் கடிதத்தை அனுப்பாதே. வேலையை விடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இப்போது நீ இரவில் மூன்று மணிக்கு முழித்து விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாய், வந்த தபாலை உடைக்காமல் மேசையில் குவித்து வைத்திருக்கிறாய். இந்த நிலையில் எடுக்கிற முடிவை உன் வருத்தம்தான் எடுக்கும். அதோடு, விட்டுவிட்டால் அவர்கள் உனக்குச் செய்ய வேண்டிய கடமையும் அன்றோடு முடிந்துபோகும்.

பர்மிங்ஹாமில் இருக்கிற உன் சித்தப்பாவின் மகன் தொழிற்சங்கத்தில் இருக்கிறான், உனக்குத் தெரியும்தானே. உன் பெயரைச் சொல்லாமல் அவனிடம் இரண்டு மணித்தியாலம் கதைத்தேன். அவன் முதலில் கேட்ட கேள்வி, "பெரியப்பா, லீவுக்கு டொக்டர் எழுதித் தந்த துண்டில் என்ன எழுதியிருக்கிறது?" அதைக் கேட்டதும்தான் நீ சொன்னது நினைவுக்கு வந்தது. டொக்டர் உனக்கு மனச்சோர்வு, பதகளிப்பு என்று சொல்லிக் குளிசை தந்திருக்கிறார். நீதான் "ஸ்ட்ரெஸ் என்று மட்டும் எழுதுங்கோ" என்று கெஞ்சிக் கேட்டிருக்கிறாய், கந்தோர் கோப்பில் மற்றச் சொல் கிடக்கக் கூடாது என்று. மேலாளருக்கும் "பேர்ன் அவுட்" ஆகிவிட்டேன் என்றுதான் ஈமெயில் போட்டாய். அவர் என்ன பதில் போட்டார்? நாலு நாள் லீவு எடு, எங்கேயாவது போய் வா. அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அந்தச் சொல்லுக்கு அந்தப் பதில்தான் வரும்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் இப்போதைய பதிப்பு 2022இல் நடைமுறைக்கு வந்தது, அதில் பேர்ன் அவுட் இருக்கிறது, ஆனால் நோய் என்று இல்லை. வேலையிடத்து நெருக்கடியைச் சரியாகக் கையாளாததால் வருகிற ஒரு நிலை என்றுதான் வைத்திருக்கிறார்கள். ஸ்ட்ரெஸ் என்று மட்டும் எழுதினாலும் இதே கதைதான், வேலைப் பளுவுக்கு வந்த தற்காலிகத் தாக்கம் என்று தள்ளிவிட இடம் இருக்கிறது. மனச்சோர்வு அப்படியல்ல. நீ இருக்கிற பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில், உடலிலோ மனதிலோ உள்ள ஒரு குறைபாடு அன்றாட வேலைகளைக் கணிசமாகப் பாதித்து, 12 மாதம் நீடித்தாலோ, நீடிக்கும் அல்லது திரும்ப வரும் என்று எதிர்பார்க்க இடமிருந்தாலோ, அது சட்டத்தின் பாதுகாப்புக்குள் வரும். உனக்கு இது மூன்று வருடத்துக்கு முன்னும் வந்தது. அப்போதும் குளிசை எடுத்தாய், அந்தப் பதிவு உன் டொக்டரிடம் இருக்கிறது. இன்னொன்று, குளிசை போட்டால் நன்றாகத்தானே இருக்கிறாய் என்று அவர்கள் சொல்ல ஏலாது. குளிசை இல்லாவிட்டால் எப்படி இருப்பாய் என்றுதான் சட்டம் பார்க்கிறது.

வருத்தத்தின் பெயரை வேலையிடத்துக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சொல்லாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு. ஆனால் வேலையைப் பொருத்தமாக மாற்றித் தரும் கடமை, அவர்களுக்குத் தெரிந்திருந்தால், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலை இருந்தால்தான் வரும். தெரியாத ஒன்றுக்கு அவர்களைப் பிடிக்க முடியாது. அதனால் அடுத்த துண்டில் டொக்டர் சொன்ன பெயரையே எழுதச் சொல்லு. மனிதவளப் பிரிவுக்கு இரண்டு வரி ஈமெயிலும் போடு: இன்ன வருத்தம், இன்ன காலத்தில் இருந்து, வேலையில் மாற்றம் கேட்கிறேன். வாயால் சொன்னது நாளைக்கு இல்லாமல் போகும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

2012இல் நான் ஒரு கந்தோரில் பிரதம லிகிதர். எனக்குக் கீழே ஒரு பிள்ளை வேலை செய்தது, அப்போது அதற்கு இப்போதைய உன் வயது இருக்கும். காணாமல் போனவர்கள், செத்துப்போனவர்கள் விபரம் பதிகிற மேசை அதனுடையது. நாள் முழுக்கச் சனம் வந்து முன்னால் இருந்து, எங்கே, எந்தத் திகதி, யார் பக்கத்தில் நின்றது என்று சொல்லச் சொல்ல அது எழுத வேண்டும். அந்தப் பிள்ளையும் அதே இடத்தில் இருந்து தகப்பனை விட்டுவிட்டு வந்ததுதான். கிளினிக்கில் மருந்து எடுத்தது. இரவுக் குளிசையின் மயக்கம் விடிந்தும் விடாது, முதல் பஸ்ஸைத் தவறவிட்டு அடுத்ததில் வரும். வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு போடுவது என் வேலை. எட்டரை தாண்டியதும் அடிமட்டத்தை வைத்து நேராக இழுத்துவிடுவேன், அந்தப் பிள்ளையின் கையெழுத்து அநேகமாகக் கோட்டுக்குக் கீழேதான் விழும். பிந்தியதெல்லாம் அரை நாள் லீவாகக் கழிந்தது. லீவு முடிந்தது. பிறகு சம்பளம் வெட்டியது.

ஒரு நாள் கிளினிக் கொப்பியைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்து வைத்தது. வருத்தத்தின் பெயர், மருந்து, மாதாமாதம் போன திகதி எல்லாம் இருந்தது. நான் கொப்பியை மூடித் திருப்பிக் கொடுத்து, "இதெல்லாம் எல்லாருக்கும் இருக்கிறதுதான், நேரத்துக்கு வாங்கோ" என்றேன். அதே வார்த்தைகள்தான், மறக்கவில்லை. ஒரு மாதம் லீவில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தபோது அதன் மேசையில் கோப்புகள் நெஞ்சளவுக்கு இருந்தன. ஒருவரும் தொடவில்லை, நான் தொடவைக்கவும் இல்லை. இரண்டு கிழமையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. அந்தப் பிள்ளையைக் காலை ஒன்பதரைக்கு வரவிட்டுப் பின்னேரம் ஒரு மணித்தியாலம் கூட நிற்க விட்டிருந்தால், மேசையை மாற்றிக் காணிக் கோப்புகளைக் கொடுத்திருந்தால் கந்தோருக்கு ஒரு சதம் செலவில்லை. மேலதிகாரிக்கு நான் ஒரு கடிதம் வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. சட்டம் இல்லை என்று அப்போது எனக்கு நானே சொன்னேன். அங்கே உனக்குச் சட்டம் இருக்கிறது, மகள்.

சரி, செவ்வாய்க்கிழமை தொழில்சார் மருத்துவர் உன்னுடன் போனில் கதைப்பார் என்றாய். அவர் உனக்கு வைத்தியம் செய்கிறவர் இல்லை. நீ எதைச் செய்வாய், எதைச் செய்ய ஏலாது, கந்தோர் எதை மாற்ற வேண்டும் என்று வேலையிடத்துக்கு அறிக்கை எழுதுகிறவர். உனக்கு ஒரு பழக்கம் இருக்கிறது, யார் சுகம் கேட்டாலும் "பரவாயில்லை" என்பாய். அங்கே அதைச் சொல்லாதே. மோசமான நாளைச் சொல்லு. நாலு நாள் குளிக்காமல் கிடந்ததை, ஒரே கடிதத்தை ஐந்து தரம் வாசித்தும் விளங்காமல் போனதை, அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்ததைச் சொல்லு. அன்றாட வேலைகளில் தட்டுப்படுகிற இடங்களைத்தான் சட்டம் கேட்கிறது. அறிக்கையை அனுப்ப முதல் உனக்குக் காட்டும்படி அப்போதே கேள். பிழையான விபரம் இருந்தால் திருத்தச் சொல்லலாம்.

அடுத்தது திரும்பிப் போகிற விஷயம், அனேகம் பேர் விழுகிற இடம் இதுதான். டொக்டரின் துண்டில் இரண்டு பெட்டி இருக்கிறது: வேலைக்குத் தகுதியில்லை என்று ஒன்று, மாற்றங்கள் செய்தால் தகுதியாக இருக்கலாம் என்று மற்றது. இரண்டாவதில் படிப்படியாகத் திரும்புதல், நேர மாற்றம், வேலை மாற்றம், வேலையிட வசதி என்று நாலு தெரிவு உண்டு. உனக்குக் காலையில் மருந்து மயக்கம் இருப்பதால் முதல் இரண்டு கிழமையும் திங்கள், புதன், வெள்ளி பதினொன்றில் இருந்து மூன்று மணிவரை போகக் கேள். அடுத்த இரண்டு கிழமை நாலு நாள், ஐந்து மணித்தியாலம். பிறகு உட்கார்ந்து கதைத்து அடுத்ததைத் தீர்மானிக்கலாம்.

ஆனால் மணித்தியாலம் குறைந்து கோப்பு குறையாவிட்டால் அது வெறும் ஏமாற்று. உன் பெயரில் 140 இழப்பீட்டுக் கோப்பு இருக்கிறது என்றாய். நீ லீவில் நிற்கிற இந்த நாலு கிழமையும் அவை யாரிடம்? ஒருவரிடமும் இல்லை என்றால் நீ போகிற அன்றே அந்த நெஞ்சளவுக் குவியல் உனக்காகக் காத்துக்கொண்டிருக்கும். அதனால் போக முன்னமே எழுத்தில் கேள்: அந்தக் கோப்புகள் வேறு ஆட்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும், அரைவாசி நேரத்துக்கு அரைவாசியிலும் குறைவான கோப்பு, முதல் மாதம் வாடிக்கையாளர் கத்துகிற போன் அழைப்பு வேண்டாம். இந்த வருத்தத்தால் எடுத்த லீவை, இத்தனை நாள் தாண்டினால் எச்சரிக்கை என்கிற கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றும் கேட்கலாம். நியாயமான மாற்றத்துக்கான செலவு அவர்களுடையது, உன் தலையில் போட முடியாது. எது நியாயம் என்பது அந்த இடத்தின் அளவையும் வசதியையும் பொறுத்தது, கேட்டதெல்லாம் கிடைக்காது. முடியாது என்றால் ஏன் முடியாது என்று எழுதித் தரச் சொல்லு.

காசைப் பற்றி நீ கேட்க வெட்கப்பட்டாய். படிப்படியாகப் போகும்போது, உன் ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லாவிட்டால், வேலை செய்த மணித்தியாலத்துக்குத்தான் சம்பளம் வரும். ஆனால் சுகயீன லீவில் நிற்கும்போதும் உன் வருடாந்த லீவு சேர்ந்துகொண்டே இருக்கிறது. அதை மற்ற நாட்களுக்கு வைத்து முழுச் சம்பளமாக எடுக்கலாமா என்று கேட்டுப் பார், அநேக இடங்களில் ஒத்துக்கொள்வார்கள் என்று பர்மிங்ஹாம் தம்பி சொன்னான். மிச்சத்துக்கு நாங்கள் இருக்கிறோம். நீ இந்த மாதம் எங்களுக்கு அனுப்ப வேண்டாம், காலபோக நெல் வந்தால் இங்கே ஒரு குறையும் இல்லை.

ஒரு சின்னக் கொப்பி வாங்கி, படுத்த நேரம், முழித்த நேரம், அன்று எத்தனை கோப்புப் பார்த்தாய் என்று மட்டும் எழுது. உனக்குப் போன முறையும் முதலில் போனது நித்திரைதான். திரும்பவும் மூன்று மணிக்கு முழிக்கத் தொடங்கினால் கிழமை முடியும்வரை பார்த்துக்கொண்டிருக்காதே, அந்தக் கொப்பியோடு டொக்டரிடம் போ.

செவ்வாய் உனக்குக் காலை பத்து மணி என்றால் எங்களுக்குப் பின்னேரம் மூன்றரை. அம்மா அன்றைக்குக் கோயிலுக்குப் போகவில்லை என்கிறாள், போனைச் சார்ஜில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு இருப்போம். கதைத்து முடிந்ததும் எடு. பேசப் பிடிக்காவிட்டால் சும்மா எடுத்துவிட்டு இரு, நாங்கள் இங்கே மழையைக் கேட்டுக்கொண்டு இருப்போம்.

அப்பா