பச்சோந்தி நிறம் மாறுவது ஒளிவதற்காக அல்ல

ஐயா, தங்கள் நாளிதழின் அறிவியல் பகுதியில் வெளியான கட்டுரை, பச்சோந்தியும் ஆக்டோபஸும் சுற்றுப்புறத்தோடு கலந்து ஒளிந்துகொள்ளவே நிறம் மாற்றுகின்றன என்று இரண்டையும் ஒன்றாகச் சொல்கிறது. ஆக்டோபஸுக்கு இது பெரிதும் பொருந்தும். அதன் தோலில் உள்ள நிறமிப் பைகளைச் சுற்றியுள்ள நுண்தசைகளை மூளையிலிருந்து வரும் நரம்புகளே இயக்குவதால், ஒரு நொடிக்குள் அது பாறையைப் போலவோ மணலைப் போலவோ தோற்றம் கொள்கிறது. பச்சோந்தியின் வழி வேறு. அதன் தோல் செல்களில் குவானைன் என்னும் பொருளாலான மிக நுண்ணிய படிகங்கள் அடுக்கடுக்காக உள்ளன. அமைதியான நிலையில் அவை நெருங்கியிருந்து நீல ஒளியைத் திருப்பி அனுப்ப, மேலுள்ள மஞ்சள் நிறமியோடு அது சேர்ந்து பச்சையாகத் தெரிகிறது. சிறுத்தைப் பச்சோந்தியின் ஆண், எதிரியையோ இணையையோ கண்டு கிளர்ச்சியடைந்தால் படிகங்களின் இடைவெளி கூடி, பச்சை மஞ்சளாக மாறுகிறது என்று ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் விளக்கினர். அதாவது, அந்த மாற்றம் பிறர் கண்ணில் படுவதற்கான அறிவிப்பு. ஒளிந்திருக்க அதன் இயல்பான பச்சையே பெரும்பாலும் போதும்.

விலங்கியல் ஆசிரியராக நான் ஒரு பச்சோந்தியைச் சிவப்புத் துணியில் விட்டுப் பார்த்தபோது அது சிவக்கவே இல்லை. குளிர்ந்த காலையில் வெயில் பட்டதும் உடலைக் கருமையாக்கிச் சூடேற்றிக்கொண்டதை மட்டும் பலமுறை கண்டிருக்கிறேன். எனவே, இவ்விரு உயிர்களின் தோல் அமைப்பையும் அருகருகே காட்டும் எளிய படத்துடன் அக்கட்டுரைக்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.