கலந்து பேசினால் கூட்டம் நிற்குமா? தமிழில் பாடம் சொல்லும் யூடியூப் சேனல்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பு நண்பர்களே, வணக்கம்.

நான் பத்தாம் வகுப்பு இயற்பியல் பாடங்களைத் தமிழில் சொல்லித்தரும் ஒரு சின்ன சேனலில் எடிட்டிங் பார்ப்பவன். பேசுவது வேறொருவர். எண்களைப் பார்த்துக் கவலைப்படுவது என் வேலை. நம் வட்டத்தில் கொஞ்ச நாளாக ஒரு யோசனை சுற்றுகிறது: "சுத்தத் தமிழில் பேசாதே, இங்கிலீஷ் கலந்து பேசு, ரிட்டென்ஷன் தானாக ஏறும்." கூடவே ஒரு வரைபடமும் வரும். இடது பக்கம் தமிழ், வலது பக்கம் கலப்பு, நடுவில் ஒரு கோடு. கோட்டுக்குப் பிறகு எல்லாம் ஏறுமுகம்.

அப்படி ஒரு படத்தை நாங்களும் போட்டவர்கள்தான். பிப்ரவரி கடைசியில் கலப்புக்கு மாறினோம், மார்ச்சில் பார்வை நேரம் ஏறியது, இனிப்பு வாங்கிச் சாப்பிட்டோம். மார்ச்சில் பொதுத்தேர்வு வரும், பரீட்சைக்கு முந்தைய வாரம் பிள்ளைகள் எதைப் போட்டாலும் கடைசிவரை பார்ப்பார்கள் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. போதாததற்கு அதே வாரம் தலைப்புகளையும் ஆங்கிலத்துக்கு மாற்றியிருந்தோம். ஆக மூன்று விஷயங்கள் ஒன்றாக மாறியிருக்க, பலனை ஒன்றின் கணக்கில் எழுதினோம். அதே தப்பை நீங்களும் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இந்த மடல். முடிந்தால் சேர்ந்து ஒழுங்காகச் சோதித்துப் பார்க்கலாம்.

முதலில், கலப்பு என்று எதைச் சொல்கிறோம்? "ஒரு பொருளின் நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் கிடைப்பது உந்தம்" என்பது பாடநூல் தமிழ். "மாஸையும் வெலாசிட்டியையும் பெருக்கினால் கிடைப்பது மொமண்டம்" என்றால் கலைச்சொல் மட்டும் மாறுகிறது, வாக்கியம் தமிழாகவே இருக்கிறது. "ஸோ, மாஸை வெலாசிட்டியோட மல்டிப்ளை பண்ணா மொமண்டம், சிம்பிள்" என்பது மூன்றாவது வகை. இதில் வினையும் இணைப்புச் சொல்லும்கூட மாறிவிட்டன. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள தூரம் பெரிது. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்கு இரண்டாவது வகையே போதும், தன் புத்தகத்தில் இருக்கும் சொல் காதில் விழுந்துவிடும். மூன்றாவது வகையைச் சோதித்துவிட்டு "கலைச்சொல்லை ஆங்கிலத்தில் சொன்னால் நல்லது" என்று முடிவு சொல்வது தவறு. எந்த வகை என்பதை எழுத்துப்படியிலேயே தீர்மானித்து, பேசுபவர் அதை விட்டு நழுவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கேமரா முன் வந்தால் "ஸோ" தானாக வந்துவிடும் என்பது உங்களுக்கே தெரியும்.

தமிழ் என்று சொல்வதும் ஒன்றல்ல. நம் பாடநூலில் வேகம் என்றால் ஸ்பீட், திசைவேகம் என்றால் வெலாசிட்டி. இலங்கைப் பாடநூலில் ஸ்பீடுக்குக் கதி, வெலாசிட்டிக்கு வேகம். நாம் முடுக்கம் என்பதை அவர்கள் ஆர்முடுகல் என்பார்கள். நாம் "வேகம்" என்று சொன்னால் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு வேறொரு கணியம் மனதில் வரும். அந்தப் பார்வையாளருக்கு நம் "சுத்தத் தமிழ்" பதிப்புதான் குழப்பம், "வெலாசிட்டி" என்ற சொல்தான் பொதுப்பாலம் என்று ஆகலாம். அதனால் இலங்கைப் பார்வைகளைத் தனியே பிரித்துப் பாருங்கள். மொத்தத்தில் கலந்துவிட்டால் இந்த விஷயம் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.

இனி சோதனைக்கு வருகிறேன். யூடியூபில் தம்ப்நெயிலை மூன்று வகையாகப் போட்டு ஒப்பிடும் வசதி இருக்கிறது. ஒரே காணொளியின் பேச்சை இரண்டு வகையாக்கி, பார்ப்பவர்களுக்குக் குலுக்கல் முறையில் பிரித்துக் காட்டும் வசதி இல்லை. பல மொழி ஒலித்தடம் சேர்க்கலாமே என்பீர்கள். அதில் எந்தத் தடம் ஓடும் என்பதை முடிவு செய்வது பார்ப்பவரின் மொழி அமைப்பும் விருப்பமும்தான். குலுக்கல் அல்ல, அவர்களே பிரிந்து நிற்பது. ஒரே பாடத்தை இரண்டு காணொளியாக ஏற்றினால் முதலில் வந்தது இரண்டாவதின் பார்வையாளர்களைத் தின்றுவிடும்.

எஞ்சியிருப்பது இணை முறை. நம் பாடத்திட்டத்தில் இரட்டைப் பிள்ளைகள் போன்ற தலைப்புகள் நிறைய உண்டு: கிட்டப்பார்வையும் தூரப்பார்வையும், குவிலென்சும் குழிலென்சும், மின்தடைகளின் தொடர் இணைப்பும் பக்க இணைப்பும், அணுக்கருப் பிளவும் இணைவும். கடினமும் நீளமும் தேடுபவர் கூட்டமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொரு இணையிலும் எது தமிழ், எது கலப்பு என்பதை நாணயம் தீர்மானிக்கட்டும். நீங்கள் தீர்மானித்தால், "இது கொஞ்சம் ஈசியான டாபிக், கலப்பில் போடலாம்" என்று கை தன்னால் போகும். ஒரே பேச்சாளர், ஒரே படங்கள், ஒரே வார இடைவெளி. முக்கியமாக, தலைப்பும் தம்ப்நெயிலும் இரண்டிலும் ஒரே மொழியில் இருக்க வேண்டும். யார் உள்ளே வருகிறார்கள் என்பதைத் தலைப்பு தீர்மானிக்கிறது, வந்தவர் நிற்கிறாரா என்பதைப் பேச்சு தீர்மானிக்கிறது. இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எதன் வேலை எது என்று பிரிக்கவே முடியாது.

எங்கள் ஒத்திகையில் ஒரு விஷயம் மாட்டியது. எங்கள் பேச்சாளர் வீட்டிலும் வெளியிலும் கலந்து பேசுபவர். தமிழ்ப் பதிப்பை எழுதியதைப் பார்த்து வாசித்தார், கலப்புப் பதிப்பைப் பேசினார். கேட்டால் ஒன்று செய்தி, மற்றொன்று உரையாடல். அப்படியே ஏற்றியிருந்தால் மொழியைச் சோதித்ததாக நினைத்துக்கொண்டு வாசிப்பைச் சோதித்திருப்போம். இப்போது இரண்டு பதிப்புகளையும் நான்கு முறை சொல்லிப்பார்த்த பிறகே பதிவு செய்கிறோம். வெளியாள் ஒருவரிடம் போட்டுக்காட்டி, "எதில் தடுமாறுகிறார்?" என்று மட்டும் கேட்கிறோம்.

அளப்பதில் வரும் சிக்கல்தான் இந்த மடலின் முக்கியமான பகுதி. ஸ்டூடியோவில் "Average percentage viewed" என்ற ஒற்றை எண்ணை எடுத்து ஒப்பிடத்தான் எல்லாருக்கும் கை வரும். அது எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஒரு கணக்கு. எண்கள் உதாரணத்துக்கு மட்டுமே. தமிழ்க் காணொளிக்கு வந்த 100 பேரில் 60 பேர் பழைய பார்வையாளர்கள், சராசரியாக 50 சதவீதம் பார்த்தார்கள். 40 பேர் புதியவர்கள், 30 சதவீதம் பார்த்தார்கள். மொத்தச் சராசரி 42. கலப்புக் காணொளியைப் பாதியில் விடாமல் பார்த்தவர்கள் கூடியதால் யூடியூப் அதைப் புதியவர்களிடம் நிறையக் கொண்டுபோனது என்று வைத்துக்கொள்வோம். இப்போது பழையவர்கள் 30 பேர், 52 சதவீதம். புதியவர்கள் 70 பேர், 32 சதவீதம். இரண்டு கூட்டத்திலும் 2 புள்ளி ஏற்றம்தான். ஆனால் மொத்தச் சராசரி 38. "கலந்து பேசினோம், 4 புள்ளி விழுந்தது" என்று வரைபடம் சொல்லும். உண்மை அதற்கு நேர் எதிர்.

கூட்டத்தின் சேர்க்கை மாறினாலே சராசரி மாறும். வந்தவர் நிற்கிறாரா, யார் வருகிறார்கள் என்று நாம் கேட்கும் இரண்டு கேள்விகளும் ஒன்றையொன்று கெடுப்பது இங்கேதான். அதனால் ரிட்டென்ஷனைப் பழையவர் தனி, புதியவர் தனி என்று பாருங்கள். தேடி வந்தவர், பரிந்துரையில் வந்தவர் என்றும் முடிந்தவரை பிரியுங்கள்.

சதவீதத்துக்குப் பதிலாகப் பாடத்தின் ஒரே இடத்தை ஒப்பிடுவது இன்னும் நல்லது. ஒரு இணையின் இரண்டு காணொளிகளும் நொடிக்கு நொடி ஒரே நீளத்தில் அமையாது. நீளம் மாறினாலே சதவீதமும் மாறும். வரையறை சொல்லி முடித்த கணம், முதல் கணக்குத் தொடங்கும் கணம் என்று இரண்டு இடங்களைக் குறித்துக்கொண்டு, அங்கே எத்தனை பேர் மிச்சம் என்று பாருங்கள். கோடு ஓரிடத்தில் மேடாக எழும்பினால் சந்தோஷப்படவும் வேண்டாம். பின்னால் தள்ளி மறுபடி பார்ப்பவர்களையும் அது எண்ணுகிறது. "உந்தம்" என்ற சொல் வரும் நொடியில் மேடு என்றால் பிடித்துப்போய்ப் பார்த்தார்களா, புரியாமல் பார்த்தார்களா என்று கோட்டை வைத்துச் சொல்ல முடியாது. புரியாததாலும் ரிட்டென்ஷன் ஏறும். காணொளிக்குக் கீழே முதலில் நிற்கும்படி "பின்" செய்த கருத்தில் மூன்றே கேள்வி கொண்ட ஒரு படிவத்தை வைத்தால் எது என்று ஓரளவு பிடிபடும்.

யார் பார்க்கிறார்கள் என்ற கேள்விக்கு ஸ்டூடியோவின் வயது அறிக்கையை நம்பவே வேண்டாம். நம் பிள்ளைகளில் நிறையப் பேர் பார்ப்பது அப்பா போனில், அப்பா கணக்கில். "35–44 வயது ஆண்கள் அதிகம்" என்று வந்தால், பத்தாம் வகுப்பு ஒளியியலில் அப்பாக்களுக்குத் திடீர் ஆர்வம் என்று நினைத்துவிடாதீர்கள். அதே படிவத்தில் "நீங்கள் தமிழ் வழியா, ஆங்கில வழியா, ஆசிரியரா, பெற்றோரா?" என்று ஒரு கேள்வி சேர்த்தால் போதும். நிரப்புபவர்கள் கொஞ்சம் ஆர்வக்காரர்களாகத்தான் இருப்பார்கள். ஆனால் அந்தச் சாய்வு இரண்டு பக்கமும் இருக்கும் என்பதால் ஒப்பீட்டுக்கு உதவும். அதிலும் ஒரு குறை உண்டு. கலப்புக் காணொளி கொண்டுவந்த புது ஆளுக்கு அடுத்த வாரம் நம் தமிழ்க் காணொளியும் பரிந்துரையாகப் போகும். மாற்றி மாற்றிப் போட்டால் கூட்டச் சேர்க்கையின் வேறுபாடு கரைந்து சிறிதாகத்தான் தெரியும். ஆகவே கூட்டத்தைப் பற்றி இந்தச் சோதனை சொல்வதைக் குறைந்தபட்ச மதிப்பீடாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை இணை வேண்டும்? எட்டு இணை போட்டு ஆறில் கலப்பு ஜெயித்தால் முடிவு கிடைத்துவிட்டது என்று தோன்றும். மொழியால் ஒரு வித்தியாசமும் இல்லாவிட்டாலும், எட்டு முறை நாணயம் சுண்டினால் ஏதோ ஒரு பக்கம் ஆறோ அதற்கு மேலோ விழ 100க்கு 29 வாய்ப்பு உண்டு. ஏழோ எட்டோ விழ 100க்கு 7. எட்டும் ஒரே பக்கம் விழுந்தால்தான் 100க்கு 1க்குக் கீழே வருகிறது. ஒரு சேனலால் ஒரு கல்வியாண்டில் எட்டு இணைக்கு மேல் ஒழுங்காகச் செய்வது கடினம். எங்களால் நிச்சயம் முடியாது.

அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு. மூன்று சேனல்கள் சேர்ந்தால் இருபத்து நான்கு இணை ஆகும். ஒரே தலைப்புப் பட்டியல், இரண்டாவது வகைக் கலப்பு மட்டும், வெளியான 28ஆம் நாளில் எண்ணிக்கை என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வோம். எந்த எண் வந்தால் கலப்புக்கு மாறுவோம், எது வந்தால் மாறமாட்டோம் என்பதையும் அப்போதே எழுதிவிடுவோம். பிடிக்காத முடிவு வந்தாலும் எல்லா இணைகளையும் வெளியே சொல்ல வேண்டும் என்பது ஒன்றுதான் என் நிபந்தனை. மார்ச்சையும் ஏப்ரலையும் விட்டுவிடுவோம்.

நாங்கள் காத்திருக்காமல் தொடங்கிவிட்டோம். முதல் இணைக்கு நேற்று நாணயம் சுண்டினோம். கிட்டப்பார்வைக்குக் கலப்பு, தூரப்பார்வைக்குத் தமிழ். எங்கள் பேச்சாளர் இப்போது "ஸோ" சொல்லாமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறார், பாவம்.

அன்புடன்,
ஒரு எடிட்டர்