ஆபாசம் இல்லையென்றால் தப்பில்லையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போலிப் படங்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஆபாசமாக மாற்றினால்தான் குற்றம் என்கிற தொனி அதில் இருந்தது, அது எனக்குச் சரியாகப் படவில்லை. கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவன் நான், தலை ஒட்டுவது எனக்குத் தினசரி வேலை. குரூப் போட்டோவில் தாய்மாமன் கண்ணை மூடியிருப்பார், அடுத்த ஷாட்டில் திறந்திருப்பார், அந்த முகத்தை எடுத்து இதில் வைத்துவிடுவோம். அவர் அந்த மேடையில் நின்றது நிஜம். இறந்துபோன அப்பாவை மணமக்களுக்குப் பின்னால் நிறுத்தச் சொல்வார்கள், அதையும் செய்கிறேன். பார்க்கிற சொந்தக்காரர்கள் யாரும் ஏமாறப்போவதில்லை.

போன வருஷம் ஒரு பையன் வந்தான். ஒரு பெண்ணின் வாட்ஸ்அப் டிபியை எடுத்து வைத்துக்கொண்டு, "கோயில் வாசல்ல என் பக்கத்துல நிக்கிற மாதிரி போடுங்கண்ணா, சும்மா ஃபிரண்ட்ஸுக்குக் காட்டத்தான்" என்றான். புடவை, பூ, விபூதி, எல்லாம் மங்களகரமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்தப் படம் அவளைப் பெண் பார்க்க வரும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் அவள் என்ன சொல்லி நிரூபிப்பாள்? "அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டுக் குடு, சரின்னு சொல்லட்டும்" என்றேன். போனவன் வரவே இல்லை. இன்றைக்கு அவனுக்கு நானே தேவையில்லை, கையில் இருக்கும் போனே போதும்.

அவள் செய்யாத ஒன்றுக்கு அவள் முகத்தையே சாட்சியாக நிறுத்தி, பார்க்கிறவரை நம்பவும் வைத்தால் அங்கேயே கெடுதல் ஆரம்பித்துவிடுகிறது. துணி இருக்கிறதா இல்லையா என்பது அதற்கு அப்புறம்தான். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளும் நிர்வாணப் படத்தைத் தனியாகவும், ஆள்மாறாட்டமாக மார்ஃபிங் செய்த படத்தைத் தனியாகவும் சொல்கின்றன. சம்பந்தப்பட்டவரோ அவர் சார்பில் வேறொருவரோ புகார் தரலாம். ஆனால் அந்தப் புகார் படம் ஏற்றப்பட்ட தளத்துக்குத்தான். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றும் படத்தை அதை வைத்துப் பிடிப்பது கஷ்டம்.

2023 நவம்பரில் நடிகை ராஷ்மிகா மந்தனா லிஃப்டுக்குள் வருவதுபோலப் பரவிய போலி வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். கதவு திறக்கும் முதல் நொடியில் வேறொரு முகம் தெரியும், உற்றுப் பார்த்தவர்கள் அதை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். அந்த முகமும் உடலும் ஜாரா படேல் என்ற பெண்ணுடையவை, அவரிடமும் யாரும் கேட்கவில்லை. நடிகைக்காகப் பேசியவர்கள் பலர், இவரை நினைத்தவர்கள் கொஞ்சம்தான். ஒரு ரசிகர் பக்கத்துக்கு ஆள் சேர்க்கச் செய்த வேலை என்று டெல்லி போலீஸ் பிறகு சொன்னது.

அந்தப் பையன் வந்துபோன பிறகு என் பில் புத்தகத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "ஒட்ட வேண்டிய முகம் யாருடையது, அவரிடம் கேட்டாயிற்றா?" இரண்டு பேர் அதைப் படித்துவிட்டு அட்வான்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டுடியோக்காரர்