இன்டர் தேறிய நெல்லைச் சீமைப் பிள்ளைகளுக்கு: எந்த ஆடிட்டர் ஆபீஸில் சேர்வது?

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

சிஏ இன்டரில் இரண்டு குரூப்பும் தேறிவிட்டீர்கள். இனி வீட்டிலும் தெருவிலும் கேட்பது ஒன்றுதான்: "ஸ்டைபெண்ட் எவ்வளவு தருவாங்க?" அதைப் பிறகு சொல்கிறோம். 2023 ஜூலை முதல் ஆர்ட்டிகிள்ஷிப் மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகிவிட்டது. விடுப்பு ஆண்டுக்கு 12 நாள். பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் ஃபைனல் எழுதலாம். முதல் ஆறு மாதத்தை டேலி என்ட்ரியிலேயே கழித்தால் பயிற்சியில் கால்வாசி போயிற்று.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, அந்த ஆபீஸில் ஒரு கோப்பு யார் கையில் எதுவரை போகிறது என்பதை. ஆலங்குளம் பக்கத்து அரிசி ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெயரும் எடையும் அச்சிட்டு 25 கிலோ வரை கட்டி விற்கும் அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. 26 கிலோ மூட்டைக்குக் கிடையாது. (கடைகளில் 26 கிலோ மூட்டை ஏன் இத்தனை என்று யோசித்திருந்தால், இதுதான் பதில்.) ஆலை இரண்டையும் விற்கிறது. ஒரு மாத விற்பனை 40 லட்சம், அதில் வரியுள்ளது 10 லட்சம், வரியில்லாதது 30 லட்சம் என்று வையுங்கள். இயந்திரப் பழுது, ஆடிட் கட்டணம் போன்ற பொதுச் செலவில் ஆலை கட்டிய ஜிஎஸ்டி 20,000 ரூபாய். இதில் முக்கால் பங்கு, அதாவது 15,000, வரியில்லா விற்பனைக்குச் சேரும். அதைத் திருப்பிவிட வேண்டும். மீதி 5,000 மட்டுமே ஆலை கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம்.

பில்லை டேலியில் ஏற்றுபவருக்கு 20,000மும் வரவாகத்தான் தெரியும். அந்த 15,000 ஏன் போகிறது என்று கண்டு, ஆலைக்காரரிடம் சொல்லி, மாதம் 20ஆம் தேதிக்குள் ரிட்டர்னில் காட்டுபவர்தான் தொழில் கற்கிறார். பலநாள் கழித்து நோட்டீஸ் வந்தால் பதில் எழுதுவதும் அவரே. நீங்கள் சேரும் இடத்தில் இந்த இரண்டாவது வேலை ஆர்ட்டிகிளுக்குக் கிடைக்கிறதா?

நேர்முகத்தில் பிரின்சிபலைக் கேட்டால் "எல்லாம் கத்துக்கலாம்" என்பார். இரண்டாம் ஆண்டில் இருக்கும் ஆர்ட்டிகிளோடு ஒரு டீ குடியுங்கள். "கடைசியா எந்தக் கம்பெனி பேலன்ஸ் ஷீட்டை நீங்களே முடிச்சீங்க? உங்க ஒர்க்கிங் பேப்பரில் திருத்தம் எழுதினது யார்?" என்று கேளுங்கள். வாடிக்கையாளர் பெயர் சொல்ல வேண்டாம், தொழில் மட்டும் போதும். சரியான ஆபீஸ் என்றால் உடனே ஒரு பீடிக் கம்பெனியோ காற்றாலையோ கூட்டுறவுச் சங்கமோ வாயில் வரும். திட்டு வாங்கின கதையும் கூடவே வரும். "ஐடிஆர் நிறைய போட்டேன்" என்பதோடு பேச்சு நின்றால் யோசியுங்கள். எட்டு ஆர்ட்டிகிளுக்கு ஒரே ஒரு சீனியர் என்றாலும் யோசியுங்கள், திருத்தம் எழுத அங்கே ஆளில்லை.

இனி பணம். குறைந்தபட்ச ஸ்டைபெண்டை ஊரின் மக்கள்தொகையை வைத்து இன்ஸ்டிடியூட்டே வகுத்திருக்கிறது. அதற்கு மேல் தருவது ஆபீஸின் விருப்பம். மிச்சத்தைப் பாருங்கள். பாளையங்கோட்டையில் 5,000 என்றும், அம்பாசமுத்திரத்திலிருந்து போய்வர 1,200 என்றும் வைத்தால், சாப்பாடு வீட்டிலிருந்து வர, 3,800 நிற்கும். சென்னையில் 12,000 கொடுத்தாலும் சாப்பாட்டோடு ஹாஸ்டல் 9,000, பயணமும் டிபனும் 2,000, ஊருக்கு வந்துபோக 700 போனால் மிச்சம் 300. பட்டியலிடப்பட்ட பெரிய கம்பெனிகளின் ஆடிட் வேண்டுமென்றால் அந்த 300க்கும் சென்னை போகலாம், ஏனென்றால் அது இங்கே அரிது. ஆனால் அங்கே ஆறு மாதம் நிலையான சொத்துகளை மட்டும் எண்ணிக்கொண்டிருக்க நேரலாம். எந்த டீம், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை விதி வாரம் 35 மணி நேரம். செப்டம்பர் மாத டாக்ஸ் ஆடிட்டில் எந்த ஆபீஸும் அதில் நிற்காது, அதைக் குறையாகக் கொள்ளாதீர்கள். பிப்ரவரியில் எத்தனை மணிக்கு விளக்கணைக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. பிப்ரவரியிலும் இரவு ஒன்பது என்றால் அங்கே வேலை திட்டமில்லாமல் ஓடுகிறது. பாபநாசம், செங்கோட்டைப் பக்கம் திரும்ப வேண்டியவர்கள் கடைசி பஸ்ஸையும் ரயிலையும் நேர்முகத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஸ்டைபெண்ட் உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வர வேண்டும். கணக்கில் போட்டுவிட்டு ரொக்கமாகத் திருப்பிக் கேட்பவரிடமும், "வரவேண்டாம், கையெழுத்துப் போட்டுத் தருகிறோம்" என்பவரிடமும் சேராதீர்கள். கண்டுபிடித்தால் இன்ஸ்டிடியூட் அந்தப் பயிற்சிக் காலத்தையே ரத்து செய்யலாம். நடுவில் ஆபீஸ் மாறவும் பிரின்சிபலின் கையெழுத்தோடு 109ஆம் படிவம் வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் 103ஆம் படிவம் போனதா என்பதை நீங்களே இன்ஸ்டிடியூட் போர்ட்டலில் பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நெல்லையில் ஆர்ட்டிகிள்களுக்குப் பயிற்சி தரும் ஆடிட்டர்கள் சிலர்