தண்டனை முடிந்தும் ஏன் சிறை? தமிழ்நாட்டு எம்.பி.க்களுக்கு மும்பையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ராமேசுவரத்திலிருந்தோ கோட்டைப்பட்டினத்திலிருந்தோ போன படகை இலங்கைக் கடற்படை பிடித்தால், மறுநாளே உங்களில் யாராவது வெளியுறவு அமைச்சருக்குக் கடிதம் எழுதிவிடுகிறீர்கள். நல்லது, அது தொடரட்டும். ஆனால் நான் எழுதுவது அரபிக்கடலைப் பற்றி. அங்கே பாகிஸ்தானிடம் பிடிபடுகிற மீனவர்களுக்காகக் கேள்வி கேட்க உங்களைவிடத் தகுதியானவர்கள் அவையில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

மும்பைக்கு வடக்கே பால்கர் மாவட்டத்தில் டஹாணு, தலாசரி பக்கத்து ஆதிவாசி இளைஞர்கள் பலர், மழைக்கால மீன்பிடித் தடை முடிந்ததும் குஜராத் படகுகளில் கலாசியாக, அதாவது படகுத் தொழிலாளியாக, வேலைக்குப் போகிறார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு போனால் சீசன் முடிந்துதான் திரும்புவார்கள். இந்தக் கடலில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே ஒப்புக்கொள்ளப்பட்ட எல்லைக்கோடே கிடையாது. குஜராத்துக்கும் சிந்துக்கும் இடையே உள்ள சர் கிரீக் கழிமுகம் பற்றிய தகராறு தீராததால் கோடு எங்கிருந்து தொடங்குகிறது என்பதே முடிவாகவில்லை. பாக் நீரிணையில் 1974-லும் மன்னார் வளைகுடாவில் 1976-லும் கோடு போட்டாகிவிட்டது. இங்கே பிடிக்கிறவர் சொல்வதுதான் கோடு.

பாகிஸ்தான் கடல்சார் பாதுகாப்பு முகமை படகைப் பிடித்தால், பக்கத்தில் இருந்த படகுகள் வயர்லெஸ்ஸில் கரைக்குச் சொல்லும். முதலாளிக்குத் தெரியும், பிறகு மீனவர் சங்கத்துக்கு, கடைசியாகத்தான் வீட்டுக்கு. ஆட்கள் கராச்சியில் நீதிமன்றத்துக்குப் போய், மலிர் சிறைக்குப் போகிறார்கள். தண்டனை பெரும்பாலும் சில மாதங்கள்தான். வருடக்கணக்கில் உள்ளே இருப்பது தண்டனை முடிந்த பிறகு.

2008 மே மாதம் இரு நாடுகளும் தூதரகச் சந்திப்பு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டன. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1, ஜூலை 1 தேதிகளில் கைதிகள் பட்டியலைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். கைதான 3 மாதத்துக்குள் தூதரக அதிகாரி கைதியைப் பார்க்க அனுமதி தர வேண்டும். தண்டனை முடிந்து, குடியுரிமையும் உறுதியானால் ஒரு மாதத்துக்குள் அனுப்பிவைக்க வேண்டும். பட்டியல் மட்டும் தேதி தவறாமல் வருகிறது. 2025 ஜனவரி 1 பட்டியலில் பாகிஸ்தான் சிறைகளில் 217 இந்திய மீனவர்கள் இருந்தார்கள். மீனவர்களும் பிற கைதிகளும் சேர்த்து, தண்டனை முடிந்த 183 பேரைச் சீக்கிரம் விடச் சொல்லி நம் அரசு அன்றே கேட்டது.

அந்தக் கடைசி நிபந்தனையில் இரண்டு பாதி இருப்பதைக் கவனியுங்கள். தண்டனை முடிவது பாகிஸ்தான் கையில். குடியுரிமை உறுதியாவது நம் கையில்.

நம் பாதி எப்படி நடக்கிறது என்று நான் பார்த்த ஒரு குடும்பத்தை வைத்துச் சொல்கிறேன். மராத்தியிலும் ஆங்கிலத்திலும் மனு எழுதிக் கொடுக்கிற பழக்கத்தால் அவர்கள் என்னிடம் வந்தார்கள். தூதரக அதிகாரி சிறையில் அந்தப் பையனைப் பார்த்து விவரம் எழுதி வாங்கினார். தாள் இஸ்லாமாபாத்திலிருந்து டெல்லி போய், மாநில உள்துறை, மாவட்டக் காவல் அலுவலகம் என்று இறங்கி உள்ளூர் காவல் நிலையத்துக்கு வந்தது. போலீஸ்காரர் வீட்டைத் தேடிப் போன சமயத்தில் குடும்பமே செங்கல் சூளை வேலைக்கு வெளியூர் போயிருந்தது. "வீடு பூட்டியிருந்தது" என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். போன வழியே தாள் திரும்பிப் போனது. மறுபடி வந்தபோது வேறு சிக்கல். சிறையில் எழுதிய தாளில் அப்பா பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் இன்னொரு மாதிரி. அம்மா ரேஷன் கார்டையும் பள்ளிச் சான்றிதழையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு நிலையத்துக்கு நடந்தார். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று கிராமப் பஞ்சாயத்து கடிதம் கொடுத்த பிறகுதான் அது தீர்ந்தது. இத்தனைக்கும் அந்தப் பையனுடைய தண்டனை எப்போதோ முடிந்திருந்தது.

இதற்கெல்லாம் தூதரக அதிகாரி பார்க்கும்வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. குஜராத்தில் படகு புறப்படும் முன் டோக்கன் எடுக்க வேண்டும், அதில் ஆட்களின் பெயர் பதிவாகிறது. படகு பிடிபட்ட அன்றே அந்தப் பெயர்களை எடுத்து ஊர் நிலையங்களுக்கு அனுப்பினால், கராச்சியில் வழக்கு முடிவதற்குள் இங்கே சான்று தயாராகிவிடும். சங்கங்கள் இதைத்தான் கையால் செய்கின்றன. முதலாளியிடம் டோக்கன் நகல் வாங்கி, வீடு வீடாக அடையாள அட்டை சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே மனுவாக்கி டெல்லிக்கு அனுப்புகிறார்கள். மும்பைப் பத்திரிகையாளர் ஜதின் தேசாய் போன்றவர்கள் பல ஆண்டுகளாக விடாமல் எழுதிவருகிறார்கள்.

டோக்கனிலும் ஓட்டை உண்டு, மறைக்கவில்லை. கடைசி நேரத்தில் ஒருவன் வராவிட்டால் வேறொருவனை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள், பெயரை மாற்ற மாட்டார்கள். பிடிபட்ட தலைக்கணக்கும் டோக்கன் பெயர்களும் பொருந்தவில்லை என்றால் அதுதான் காரணம். அப்புறம், டோக்கன் குஜராத்தில், ஆளின் வீடு மகாராஷ்டிரத்தில். இரண்டு மாநிலத் துறைகளும் பேசிக்கொள்வது அபூர்வம்.

சரி, சான்று போனதும் விட்டுவிடுவார்களா? அப்படியும் இல்லை. விடுதலை பெரும்பாலும் அரசியல் பருவநிலை பார்த்து மொத்தமாக வருகிறது. 2023 மே மாதம் 198 பேர், ஜூனில் 200 பேர் என்று அட்டாரி வழியாக வந்தார்கள், பிறகு நீண்ட இடைவெளி. இரு நாட்டுச் சிறைகளுக்கும் போய்ப் பார்த்துப் பரிந்துரை செய்ய ஓய்வுபெற்ற நீதிபதிகள் குழு ஒன்று இருந்தது. அது கடைசியாகக் கூடியது 2013 அக்டோபரில். தாமதம் நம் பக்கம் மட்டும் இல்லை, நாம் வைத்திருக்கும் 76 பேரின் குடியுரிமையைப் பாகிஸ்தான் உறுதிசெய்யவில்லை என்று அதே 2025 ஜனவரியில் நம் அரசு சொன்னது. அங்கேயும் தாள் ஏதோ மேசையில் கிடக்கிறது. ஆனால் நம் சான்று தயாராக இல்லாதவரை "உங்கள் ஆள்தான் என்று நீங்களே இன்னும் சொல்லவில்லையே" என்று அவர்கள் கைவிரிக்க முடியும். அந்தச் சாக்கை எடுத்துவிட வேண்டும்.

பால்கரைச் சேர்ந்த மீனவர் ஒருவர் மலிர் சிறைக் கைதியாக இருந்தபோது 2024 மார்ச்சில் இறந்துபோனார். உடல் ஊருக்கு வந்தபோது மே பிறந்துவிட்டது.

இது தமிழ்நாட்டுப் பிரச்சினையா என்று உங்கள் கட்சிக்காரர்கள் கேட்கலாம். கன்னியாகுமரி தூத்தூர் பகுதிப் படகுகள் ஆழ்கடல் மீனுக்காக இந்தக் கடலில்தான் குஜராத் வரை வருகின்றன. ஒக்கி புயலின்போது அவர்களில் பலர் மகாராஷ்டிரத்தின் தேவ்கட் துறைமுகத்தில் ஒதுங்கியது நினைவிருக்கும்.

நான் கேட்பது ஒரு கேள்விதான், வெளியுறவு அமைச்சருக்கு எழுத்துப்பூர்வமாக. தண்டனை முடிந்தும் பாகிஸ்தான் சிறையில் இருக்கும் மீனவர்களில் எத்தனை பேரின் குடியுரிமைச் சான்றை இந்தியா அனுப்பியிருக்கிறது? மீதிப் பேரின் விசாரணை எந்த மாநிலத்தில், எந்தத் தேதியிலிருந்து நிற்கிறது? "தொடர்ந்து வலியுறுத்தி வருகிறோம்" என்ற வழக்கமான பதிலை இந்தக் கேள்விக்குச் சொல்ல முடியாது. மாநிலவாரியாக எண்ணும் தேதியும் கொடுத்தே ஆக வேண்டும். எந்த மாவட்டக் காவல் அலுவலகத்தில் உட்கார வேண்டும் என்பது சங்கங்களுக்கு அப்போது தெரிந்துவிடும்.

கேள்விக்கு 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும், நேரம் இருக்கும்போதே சொல்கிறேன். பால்கர் குடும்பங்களின் மனுக்களை மராத்தியிலிருந்து தமிழில் பெயர்த்து வைத்திருக்கிறேன். உங்கள் அலுவலகம் கேட்டால் நகல் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
சயானில் வசிக்கும் ஒரு தமிழன்