படித்த அன்றே தூங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொதுத்தேர்வு நெருங்கினால், நள்ளிரவு வரை படித்துவிட்டு நான்கு மணிக்கே எழும் பிள்ளையைப் பாராட்டி, "பரீட்சை முடிந்ததும் தூங்கிக்கொள்ளலாம்" என்று தேற்றுவது பல வீடுகளில் வழக்கம். இழந்த தூக்கத்தை அப்படி ஈடுகட்டிவிட முடியாது என்பதை, ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் ராபர்ட் ஸ்டிக்கோல்டு குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. திரையில் கணநேரம் தோன்றி மறையும் கோடுகளை இனங்காணப் பயின்றவர்களில், அன்றிரவு தூங்கியவர்கள் பிறகு தெளிவாக முன்னேறியிருந்தார்கள். அன்றிரவு மட்டும் விழித்திருந்தவர்களோ, அடுத்த இரண்டு இரவுகள் தூங்கிய பின்னர் சோதித்தபோதும் முன்னேறவில்லை. இது ஒரு பார்வைத்திறன் பற்றிய முடிவே. படித்த பாடமெல்லாம் அழிந்துபோகும் என்று இதற்குப் பொருளல்ல. ஆனால், புதிதாகக் கற்றதை முதலில் ஏற்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப்பகுதியின் நரம்பணுக்கள், ஆழ்ந்த தூக்கத்தில் பகலில் இயங்கிய வரிசையிலேயே மீண்டும் இயங்குவது எலிகளிடம் பதிவாகியிருக்கிறது. நினைவு நிலைபெறுவதற்கு இதுவே வழி என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

தூக்கம் கெட்டால் நினைவோடு நிதானமும் கெடுகிறது. ஓர் இரவு முழுவதும் விழித்திருந்தவர்களுக்கு மனத்தை வருத்தும் படங்களைக் காட்டிய 2007-ஆம் ஆண்டு ஆய்வில், உணர்ச்சியைத் தூண்டும் அமிக்டலா என்னும் மூளைப்பகுதி, தூங்கியவர்களைவிடச் சுமார் 60 சதவீதம் கூடுதலாகக் கிளர்ந்தது. அதைக் கட்டுப்படுத்தும், நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதியுடனான இணைப்பும் தளர்ந்திருந்தது. சிறு சொல்லுக்கும் நோட்டை வீசியெறியும் பிள்ளையைத் திமிர் என்று கண்டிக்கும் முன், முந்தைய இரவு எத்தனை மணிக்குப் படுத்தான் என்று பெற்றோர் கேட்க வேண்டும். விடியற்காலைச் சிறப்பு வகுப்புகளைப் பள்ளிகள் மாலைக்கு மாற்ற வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை, மதுரை